கிண்டியில் இருக்கும் ரூட் சிறுசேரிக்குப் போக மாட்டேன் என்கிறது

மூணாம்ஷிப்ட் | 2024 பிப்ரவரி 12, இரவு 1:20

மூன்று ரவுட்டர். அம்பத்தூர், கிண்டி, சிறுசேரி. ஃபைபரும் அதே வரிசையில்தான் போகிறது. மூன்றிலும் ஒரே ஏஎஸ், 64500 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்ஸ்ட்ரீம் அம்பத்தூரில் மட்டும். அம்பத்தூருக்கும் கிண்டிக்கும் ஒரு பிஜிபி செஷன், கிண்டிக்கும் சிறுசேரிக்கும் ஒன்று. அடியில் ஓஎஸ்பிஎஃப் ஓடுகிறது, லூப்பேக் எல்லாம் பிங் ஆகிறது.

வெளியிலிருந்து வரும் 203.0.113.0/24 கிண்டியில் அழகாக உட்கார்ந்திருக்கிறது. சிறுசேரியில் இல்லை. செஷன் எழுந்துதான் நிற்கிறது, ஆனால் வந்த பிரிஃபிக்ஸ் 0. ஃபில்டர் எதுவும் கிடையாது. இரண்டு தடவை செஷனைத் தட்டி எழுப்பியாச்சு. இது சாஃப்ட்வேர் பழுது என்பது என் கட்சி. யாராவது மறுத்துப் பேசுங்கள், தூக்கம் வருகிறது.

ஓஎம்ஆர் ஒண்டி | பிப்ரவரி 12, காலை 8:05

நெக்ஸ்ட்ஹாப் பிரச்சினை. ஐபிஜிபியில் நெக்ஸ்ட்ஹாப் மாறாது. அப்ஸ்ட்ரீமின் ஐபி சிறுசேரிக்குத் தெரியாது, அதனால் ரூட் செத்துப்போகிறது. next-hop-self போடு, முடிந்தது.

ரேக் ஏழு | பிப்ரவரி 12, காலை 9:40

கிண்டியில் எடுத்த அவுட்புட்டை இங்கே ஒட்டு. அதுவரை யாரும் எதையும் போட வேண்டாம்.

மூணாம்ஷிப்ட் | பிப்ரவரி 12, இரவு 11:15

```
Guindy# show ip bgp 203.0.113.0
BGP routing table entry for 203.0.113.0/24, version 48
Paths: (1 available, best #1, table default)
  Not advertised to any peer
  64496
    10.255.0.1 (metric 11) from 10.255.0.1 (10.255.0.1)
      Origin IGP, metric 0, localpref 100, valid, internal, best
```

10.255.0.1 அம்பத்தூரின் லூப்பேக். அங்கே next-hop-self முதல் நாளே போட்டதுதான், ஒண்டி.

ரேக் ஏழு | பிப்ரவரி 12, இரவு 11:52

பழுது இல்லை. நான்காம் வரியைப் படி, "Not advertised to any peer". அப்புறம் கடைசி வரியில் "internal". இரண்டையும் சேர்த்துப் படித்தால் விடை அதிலேயே இருக்கிறது. ஒரு ஐபிஜிபி அண்டையிடம் கேட்டதை இன்னொரு ஐபிஜிபி அண்டையிடம் சொல்லக் கூடாது என்பது விதி. கிண்டி அம்பத்தூரிடம் கேட்டது. ஆகவே சிறுசேரியிடம் வாயைத் திறக்காது.

ஒண்டி சொன்னது நிஜமான நோய்தான், ஆனால் இந்த நோயாளிக்கு இல்லை. நெக்ஸ்ட்ஹாப் எட்டாவிட்டால் ரூட் சிறுசேரிக்கு வந்து, டேபிளில் நின்று, பயன்படாமல் கிடக்கும். எண்ணிக்கை 0 ஆகாது. 0 என்றால் அனுப்பவே இல்லை.

மூணாம்ஷிப்ட் | பிப்ரவரி 13, இரவு 12:10

அப்படி ஒரு விதி எதற்கு? ஈபிஜிபியில் கேட்டதை எல்லோரிடமும் தாராளமாகச் சொல்கிறதே. செஷன் இரண்டும் ஒரே மாதிரிதானே, டிசிபி 179.

ரேக் ஏழு | பிப்ரவரி 13, காலை 7:30

செஷன் ஒன்றுதான், மேலே ஒட்டும் முத்திரைதான் வேறு. ஈபிஜிபியில் ரூட்டை வெளியே அனுப்பும்போது உன் ஏஎஸ் எண்ணைப் பாதையின் முன்னால் சேர்த்துத்தான் அனுப்புகிறாய். அது ஊரைச் சுற்றி உன்னிடமே திரும்பினால் பாதையில் உன் எண்ணைப் பார்த்துத் தூக்கி எறிந்துவிடுவாய். ஏஎஸ்ஸுக்குள்ளே எல்லோருக்கும் ஒரே எண் என்பதால் யாரும் எதையும் சேர்ப்பதில்லை. அம்பத்தூர் கிண்டிக்குச் சொல்லி, கிண்டி சிறுசேரிக்குச் சொல்லி, சிறுசேரி மறுபடி அம்பத்தூருக்குச் சொன்னால், அது தன்னிடமிருந்தே கிளம்பிய செய்தி என்று அம்பத்தூருக்குக் கண்டுபிடிக்க வழியில்லை. முத்திரை இல்லாத இடத்தில் சுற்றலைத் தடுக்க ஒரே வழி, கேட்டதைக் கடத்தாதே என்று சொல்லிவிடுவது.

பெருங்களத்தூர்க்காரி | பிப்ரவரி 13, காலை 10:22

எங்கள் வீட்டில் இதே சட்டம்தான். வெளியே யார் ஒரு சேதியைக் கேட்டார்களோ அவர்களே எல்லோருக்கும் தனித்தனியாகப் போன் போட வேண்டும். போனில் கேட்டவர் கடத்தக் கூடாது. கடத்தினால் சாயங்காலத்துக்குள் கல்யாணம் நின்றுபோனதாகத் திரும்பி வரும். எல்லோரும் எல்லோருக்கும் நேரடியாகப் போன் போடுவதுதான் ஃபுல் மெஷ்.

மூணாம்ஷிப்ட் | பிப்ரவரி 14, அதிகாலை 2:45

அம்பத்தூருக்கும் சிறுசேரிக்கும் நேராக ஒரு செஷன் போட்டேன். இரண்டுக்கும் நடுவே கேபிளே கிடையாதே, எழும்புமா என்று சந்தேகம் இருந்தது. எழுந்துவிட்டது. லூப்பேக்கிலிருந்து லூப்பேக்குக்கு, கிண்டியைக் கடந்து ஓஎஸ்பிஎஃப் தூக்கிக்கொண்டு போகிறது. ஈபிஜிபி அண்டையை இப்படிப் போட்டு ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு டிடிஎல் 1தான், அடுத்த வீட்டைத் தாண்டாது. ஐபிஜிபிக்கு அந்தக் கட்டு இல்லை.

இரண்டு நிமிடத்தில் ரூட் வந்தது. சாஃப்ட்வேரைத் திட்டியதை வாபஸ் வாங்குகிறேன்.

இப்போது ஒரு யோசனை. சிறுசேரி நேரடியாக அம்பத்தூரிடம் பேசுகிறது. அப்படியானால் கிண்டியில் பிஜிபியே வேண்டாமே? எடுத்துவிட்டால் அந்தப் பழைய பெட்டிக்குப் பாரம் குறையும்.

ரேக் ஏழு | பிப்ரவரி 14, காலை 6:15

எடுக்காதே. செஷன் கிண்டியைத் தாண்டிப் போகும், பாக்கெட் தாண்டாது. சிறுசேரியிலிருந்து வரும் பாக்கெட்டைக் கையில் வாங்கிய கிண்டி, 203.0.113.0 எங்கே என்று தன் டேபிளில்தான் தேடும். அங்கே இல்லையென்றால் கீழே போட்டுவிடும். இரண்டு முனையிலும் ரூட் பச்சையாகத் தெரியும், டிரேஸ்ரூட் மட்டும் கிண்டியோடு நின்றுபோகும்.

ஓஎம்ஆர் ஒண்டி | பிப்ரவரி 14, காலை 9:00

அல்லது பிஜிபி ரூட்டை எல்லாம் ஓஎஸ்பிஎஃப்புக்குள் கொட்டிவிடலாம். கிண்டிக்கும் தெரிந்துவிடும்.

ரேக் ஏழு | பிப்ரவரி 14, காலை 9:04

இன்றைய முழு டேபிள் ஒன்பது லட்சம் ரூட்டுக்கு மேல். ஓஎஸ்பிஎஃப்புக்குள் கொட்டிப் பார், அன்றைக்கு ராத்திரி எங்கே இருப்பாய் என்று சொல்கிறேன்.

கேபிள் அண்ணாச்சி | பிப்ரவரி 14, மதியம் 1:30

நம்மகிட்ட ரெண்டு லைன், ஒரே பெட்டி, முந்நூறு வீடு. இந்த மெஷ் போட்டா மழைக்கு நெட் கட் ஆகாம இருக்குமா தம்பி?

மூணாம்ஷிப்ட் | பிப்ரவரி 14, மதியம் 2:10

அண்ணாச்சி, ஒரே பெட்டி என்றால் உள்ளுக்குள் பேச ஆளே இல்லை, மெஷ்ஷுக்கு வேலையும் இல்லை. உங்களுக்கு வேண்டியது இரண்டு லைனும் ஒரே கம்பத்தில் தொங்காமல் இருப்பது.

பெருங்களத்தூர்க்காரி | பிப்ரவரி 16, இரவு 9:50

மூன்று ரவுட்டர் வரைக்கும் மெஷ் சுகம். மூன்றே செஷன். எங்களிடம் பத்து. ஒவ்வொன்றும் மீதி ஒன்பதோடு பேச வேண்டும், ஒரு ஜோடியை இரண்டு தடவை எண்ணக் கூடாது, ஆக பத்தை ஒன்பதால் பெருக்கிப் பாதி, 45. பத்தாவது பெட்டியை வைத்த அன்று நான் ஒன்பது பழைய பெட்டிகளுக்குள்ளும் நுழைந்து ஒவ்வொன்றிலும் அண்டையைச் சேர்த்தேன். சேர்த்ததாக நினைத்தேன்.

இரண்டு வாரம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அப்புறம் தாம்பரம் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர், சென்னையிலேயே இருக்கும் ஒரு சர்வருக்கு 50 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது என்று புகார். 4க்குள் வர வேண்டியது. டிரேஸ் போட்டால் பாக்கெட் மும்பையில் உள்ள எங்கள் ரவுட்டர் வரை போய், அங்கிருந்து வெளியேறி, சென்னைக்கே திரும்புகிறது.

நடந்தது இதுதான். அந்த சர்வரின் ரூட் சென்னையில் புதிதாக வைத்த பத்தாவது பெட்டி வழியாகவும் வருகிறது, மும்பை வழியாகவும் வருகிறது. தாம்பரத்துக்கும் பத்தாவதுக்கும் நடுவே மட்டும் செஷன் இல்லை. மற்ற எட்டுப் பெட்டிகள் பக்கத்து வாசலைப் பார்க்கின்றன, தாம்பரத்துக்கு மும்பை வாசல் ஒன்றுதான் தெரியும். எதுவும் கீழே விழவில்லை, எந்த அலாரமும் அடிக்கவில்லை. இல்லாத செஷன் எப்படி டவுன் ஆகும்?

கண்டுபிடித்தது ரொம்பச் சாதாரணமான வழியில். ஒவ்வொரு பெட்டியிலும் உள்செஷன்களை எண்ணினேன். எட்டு பெட்டியில் ஒன்பது, இரண்டு பெட்டியில் எட்டு. அந்த இரண்டும்தான் ஒன்றையொன்று தெரியாத ஜோடி.

மூணாம்ஷிப்ட் | பிப்ரவரி 17, இரவு 12:30

வயிற்றில் புளியைக் கரைக்கிறீர்கள். எங்களுக்கு வேளச்சேரியில் ஒன்று வரப்போகிறது. அதற்கப்புறம் இன்னும் இரண்டு.

ரேக் ஏழு | பிப்ரவரி 17, காலை 7:10

அப்படியானால் இப்போதே கிண்டியை ரூட் ரிஃப்ளெக்டர் ஆக்கு. மாற்றம் கிண்டியில் மட்டும்.

```
router bgp 64500
 neighbor 10.255.0.1 route-reflector-client
 neighbor 10.255.0.3 route-reflector-client
```

அம்பத்தூருக்கும் சிறுசேரிக்கும் தாங்கள் கிளையண்ட் என்பதே தெரியாது, அவற்றுக்கு இது சாதாரண ஐபிஜிபி செஷன்தான். கிண்டிக்கு மட்டும் விதி தளர்கிறது. ஒரு கிளையண்டிடம் கேட்டதை மற்ற எல்லோருக்கும் சொல்லலாம். கிளையண்ட் அல்லாத உள்ளண்டையிடம் கேட்டதைக் கிளையண்டுகளுக்கு மட்டும் சொல்லலாம்.

சிசிஎன்பி படிக்கிறவன் | பிப்ரவரி 17, காலை 11:45

விதியைத் தளர்த்தினால் முன்னே சொன்ன சுற்றல் திரும்ப வந்துவிடாதா சார்?

ரேக் ஏழு | பிப்ரவரி 17, பகல் 12:20

இந்த இழையில் முதல் சரியான கேள்வி. வராது. விதி இருந்ததே முத்திரை இல்லாததால்தான், ரிஃப்ளெக்டர் அந்த முத்திரையைக் கொண்டுவருகிறது. கடத்தும்போது இரண்டு குறிப்பு ஒட்டும். இந்த ஏஎஸ்ஸுக்குள் ரூட்டை முதலில் கொண்டுவந்தவர் யார் என்பது ஒன்று, எந்தெந்த ரிஃப்ளெக்டர் கிளஸ்டர் வழியாக வந்தது என்பது இன்னொன்று. முதல் குறிப்பில் தன் பெயரைப் பார்க்கும் ரவுட்டர் ரூட்டை ஏற்காது. இரண்டாவதில் தன் கிளஸ்டரைப் பார்க்கும் ரிஃப்ளெக்டரும் ஏற்காது. வெளியே ஏஎஸ் பாதை செய்த வேலையை உள்ளே இவை செய்கின்றன. 1996இல் ஆர்எஃப்சி 1966 ஆக வந்தது, இப்போது நடப்பில் இருப்பது 2006இன் 4456.

மூணாம்ஷிப்ட் | பிப்ரவரி 18, அதிகாலை 3:05

போட்டாச்சு. அம்பத்தூர்–சிறுசேரி நேர் செஷனை எடுத்துவிட்டு சிறுசேரியில் பார்த்தேன். கடைசி வரி புதுசு.

```
    10.255.0.1 (metric 21) from 10.255.0.2 (10.255.0.2)
      Origin IGP, metric 0, localpref 100, valid, internal, best
      Originator: 10.255.0.1, Cluster list: 10.255.0.2
```

சொன்னது கிண்டி, ஆனால் நெக்ஸ்ட்ஹாப் இன்னும் அம்பத்தூர்தான். இதைப் பார்க்கத்தான் மூன்று மணி வரை முழித்திருந்தேன்.

ஓஎம்ஆர் ஒண்டி | பிப்ரவரி 18, காலை 10:00

ஒரு எச்சரிக்கை. ரிஃப்ளெக்டர் வைத்தால் மொத்த டிராஃபிக்கும் அதன் வழியாகத்தான் போகும். பழைய வேலையில் நேரில் பார்த்தது. ரிஃப்ளெக்டர் பெட்டி திணறிச் செத்தது.

ரேக் ஏழு | பிப்ரவரி 18, காலை 10:30

மேலே மூணாம்ஷிப்ட் கடைசியாக எழுதியதைப் படி. நெக்ஸ்ட்ஹாப் மாறவில்லை என்றால் பாக்கெட் ரிஃப்ளெக்டரைத் தேடிப் போகாது. சேதி சொன்னவர் வீட்டுக்கும் சேதி நடந்த வீட்டுக்கும் வித்தியாசம் உண்டு. உன் பழைய ஆபீஸில் யாரோ ரிஃப்ளெக்டரில் `next-hop-self all` போட்டிருப்பார்கள். வெறும் next-hop-self இந்த வகைப் பெட்டியில் கடத்தும் ரூட்டைத் தொடாது, all சேர்த்தால் எல்லாவற்றுக்கும் தன் விலாசத்தை எழுதிவிடும்.

ஓஎம்ஆர் ஒண்டி | பிப்ரவரி 18, மாலை 5:40

பழைய நண்பரிடம் கேட்டேன். all இருந்திருக்கிறது. போட்டதே நீதான் என்கிறார்.

பெருங்களத்தூர்க்காரி | பிப்ரவரி 18, மாலை 6:15

😂

ரிஃப்ளெக்டர் எங்கள் வீட்டில் சின்னம்மா. கடத்தக் கூடாது என்ற சட்டம் அவருக்கு மட்டும் இல்லை. ஆனால் "யார் சொன்னது, யார் யார் வழியா வந்தது" என்று சேர்த்துத்தான் சொல்வார்.

நாங்களும் மாறிவிட்டோம். பத்தில் இரண்டு சின்னம்மா. எட்டுப் பேரும் இரண்டு பேரிடமும் பேசுகிறார்கள், 16. சின்னம்மாக்கள் தங்களுக்குள் ஒன்று. 45 இருந்த இடத்தில் 17. பதினோராவது வந்தால் இரண்டு செஷன் கூடும், பத்து அல்ல.

மூணாம்ஷிப்ட் | ஆகஸ்ட் 9, இரவு 11:58

ஆறு மாதம் கழித்து இந்த இழைக்கே திரும்பி வரவேண்டியதாகிவிட்டது. வேளச்சேரி வந்துவிட்டது. வரிசை இப்போது அம்பத்தூர், கிண்டி, வேளச்சேரி, சிறுசேரி. ஒவ்வொரு இணைப்புக்கும் ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் 10. போன மாதம் சிறுசேரியிலும் அதே அப்ஸ்ட்ரீமிடம் இரண்டாவது லைன் வாங்கினோம். பாரம் பாதிப் பாதியாகும் என்று முதலாளியிடம் சொல்லித்தான் வாங்கினேன்.

ஆகவில்லை. ராத்திரி 9 மணிக்கு கிண்டி–வேளச்சேரி 10 ஜிகா இணைப்பு முட்டி நிற்கிறது. சிறுசேரியின் புது லைனில் காக்காய் கூட இல்லை. வேளச்சேரியிலிருந்து சிறுசேரி காஸ்ட் 10, அம்பத்தூர் 20. பக்கத்து வாசலை விட்டுவிட்டு வேளச்சேரி ஏன் அம்பத்தூருக்கு ஓடுகிறது? வேளச்சேரியில் பார்த்தால் ஒரே ஒரு பாதைதான் இருக்கிறது, அம்பத்தூர். சிறுசேரி பாதை வரவே இல்லை. கிண்டியில் இரண்டும் இருக்கிறது.

பெருங்களத்தூர்க்காரி | ஆகஸ்ட் 10, காலை 8:30

சின்னம்மாவைப் பற்றி அன்றைக்கு ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அவர் எல்லாச் சேதியையும் கேட்பார், ஆனால் தனக்குப் பிடித்ததை மட்டும்தான் சொல்வார்.

ரேக் ஏழு | ஆகஸ்ட் 10, காலை 9:15

அதேதான். ரிஃப்ளெக்டர் தன் சிறந்த பாதை ஒன்றை மட்டும் கடத்தும். உன் இரண்டு பாதையும் எல்லாவற்றிலும் சமம், அதனால் கடைசியில் நெக்ஸ்ட்ஹாப்புக்கு எவ்வளவு தூரம் என்று பார்க்கிறது. யார் நிற்கும் இடத்திலிருந்து? கிண்டி நிற்கும் இடத்திலிருந்து. கிண்டிக்கு அம்பத்தூர் 10, சிறுசேரி 20. அம்பத்தூரைத் தேர்ந்தெடுத்து வேளச்சேரிக்கும் அதையே கொடுக்கிறது. வேளச்சேரி எங்கே இருக்கிறது என்ற கவலை அதற்கு இல்லை. சிறுசேரி மட்டும் தப்பித்தது, ஏனென்றால் தன் சொந்த ஈபிஜிபி பாதையை ஐபிஜிபியில் வந்ததைவிட மேலாக வைக்கும்.

ஃபுல் மெஷ்ஷில் இது நடந்திருக்காது. வேளச்சேரி இரண்டையும் நேரில் கேட்டு, தானே அளந்து, சிறுசேரியை எடுத்திருக்கும். 17 செஷனுக்குக் கொடுக்கும் விலை இதுதான், இதை யாரும் முதல் நாள் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை.

மூணாம்ஷிப்ட் | ஆகஸ்ட் 10, இரவு 10:20

என்ன செய்யலாம்? கிண்டியில் லோக்கல் பிரிஃபரன்ஸை ஏற்றிச் சிறுசேரியைத் தூக்கினால் அம்பத்தூரிலிருந்து எல்லாம் சிறுசேரிக்கு ஓடும். அதே நோய், எதிர்ப் பக்கம்.

ரேக் ஏழு | ஆகஸ்ட் 10, இரவு 10:45

சிறுசேரியையும் ரிஃப்ளெக்டர் ஆக்கு. வேளச்சேரியும் அம்பத்தூரும் இரண்டுக்கும் கிளையண்ட். கிண்டி தன் பார்வையில் அம்பத்தூரைச் சொல்லும், சிறுசேரி தன் பார்வையில் தன்னையே சொல்லும், வேளச்சேரி இரண்டையும் அளந்து பக்கத்தை எடுக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட பாதையைக் கடத்த வழி 2016இன் ஆர்எஃப்சி 7911இல் உண்டு. கிளையண்ட் நிற்கும் இடத்திலிருந்தே ரிஃப்ளெக்டர் அளக்கும் வழி 2021இன் 9107இல் உண்டு. உன் பழைய பெட்டிக்கு அது தெரியுமா என்று பார்த்துவிட்டு ஆசைப்படு.

மூணாம்ஷிப்ட் | ஆகஸ்ட் 13, அதிகாலை 4:10

செய்தேன், வேலை செய்தது. ஆனால் இரண்டு ரிஃப்ளெக்டருக்கும் ஒரே கிளஸ்டர் எண் கொடுத்துவிட்டேன். எங்கேயோ அப்படிப் படித்த ஞாபகம். இன்று ராத்திரி சிறுசேரி அப்ஸ்ட்ரீம் மெயின்டனன்ஸுக்குப் போனதும் சிறுசேரிக்கு வெளியுலகமே இல்லாமல் போனது. 22 நிமிடம்.

அம்பத்தூர்–சிறுசேரி செஷன் ஏற்கெனவே எழும்பவே இல்லை. பாஸ்வேர்டில் ஓர் எழுத்துப் பிழை, லாகில் `%TCP-6-BADAUTH` வரிசையாக நிற்கிறது. சரி, கிண்டியாவது அம்பத்தூர் ரூட்டைச் சிறுசேரிக்குச் சொல்லியிருக்க வேண்டுமே? சொல்லியிருக்கிறது. சிறுசேரி டீபக்கில் அதற்கு எழுதியது:

```
DENIED due to: reflected from the same cluster;
```

கிளஸ்டர் பட்டியலில் தன் எண்ணையே பார்த்துத் தூக்கி எறிந்துவிட்டது. சுற்றலைத் தடுக்க வைத்த முத்திரை, நிஜமான சேதியைத் தடுத்துவிட்டது.

ரேக் ஏழு | ஆகஸ்ட் 13, காலை 7:00

அதனால்தான் வேறு வேறு எண். எதுவும் போடாமல் விட்டால் அதுவே ரவுட்டர் ஐடியை எடுத்துக்கொள்ளும். படித்ததை மறந்துவிடு.

பெருங்களத்தூர்க்காரி | ஆகஸ்ட் 13, காலை 9:20

ஒத்துக்கொள்ள மாட்டேன். நாங்கள் ரிஃப்ளெக்டருக்கு மாறிய நாளிலிருந்து ஒரே எண்தான். எட்டுப் பேரும் இரண்டு பேரிடமும் பேசுகிறார்கள், பேசவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் எனக்கு எஸ்எம்எஸ் வரும். வேறு எண் வைத்தால் ஒவ்வொரு ரிஃப்ளெக்டரும் மற்றதன் வழியாக வந்த நகலையும் சேர்த்துத் தாங்க வேண்டும், முழு டேபிளுக்கு அது சின்னச் சுமை இல்லை. பிழை கிளஸ்டர் எண்ணில் இல்லை, மூன்று நாளாக எழும்பாத செஷனை யாரும் பார்க்காததில் இருக்கிறது.

ரேக் ஏழு | ஆகஸ்ட் 13, காலை 9:26

ரேம் வாங்கலாம். 22 நிமிடம் வாங்க முடியாது.

பெருங்களத்தூர்க்காரி | ஆகஸ்ட் 13, காலை 9:31

உங்கள் பட்ஜெட்டை யார் கையெழுத்துப் போடுகிறார்களோ அவர் நம்பர் கொடுங்கள்.

மூணாம்ஷிப்ட் | ஆகஸ்ட் 16, இரவு 9:25

பாஸ்வேர்டைத் திருத்தினேன், கிளஸ்டர் எண்ணை எடுத்துவிட்டேன், செஷன் எண்ணிக்கை குறைந்தால் கத்தும்படி ஒரு ஸ்கிரிப்ட்டும் வைத்தேன். எங்கள் நான்கு பெட்டிக்கு ரேம் பிரச்சினை இல்லை, பத்துப் பெட்டிக்காரர்கள் சண்டையைத் தொடரலாம். இப்போது மணி 9:25. கிண்டி–வேளச்சேரி 4 ஜிகாவில் ஓடுகிறது.

கேபிள் அண்ணாச்சி | ஆகஸ்ட் 16, இரவு 9:40

தம்பி, அந்த ரெண்டு லைனும் ஒரே கம்பத்துலதான் தொங்குது. போய்ப் பாத்தேன்.